சாதம் கொதிக்குது, சாம்பார் ஆறிப்போச்சு: இரண்டு அடுப்பில் அமாவாசைச் சமையல் பிசகும் இடங்கள்

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டுத்தான் சாப்பாடு. கல்யாணமாகிக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்து 22 வருஷம் ஆகிறது. கணக்குப் போட்டால் 270 அமாவாசைக்குச் சமைத்திருப்பேன். அதில் முதல் இருபது முப்பது உருப்படியாக வரவில்லை. ருசியில் குறை இல்லை. ஆனால் இலையில் உட்காரும்போது ஒன்று கொதிக்கும், ஒன்று ஆறிக் கிடக்கும், இன்னொன்று அடுப்பை விட்டே இறங்கியிருக்காது.

இப்போது திருவாரூரில் இருக்கும் ஓர்ப்படியும் தம்பி பெண்டாட்டியும் அதே புகாரோடு எனக்குப் போன் பண்ணுகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பெரிய குக்கர் ஒன்று, சின்னக் குக்கர் ஒன்று, இவ்வளவுதான் வசதி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். எல்லாம் ஒரே நிமிடத்தில் சூடாக இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதிப் பிசகு வருகிறது. நம் சாப்பாடு தட்டில் மொத்தமாக வைக்கிற சாப்பாடு இல்லை. பொரியலும் கூட்டும் முதலில் இலைக்கு வரும், அப்புறம் சாதமும் சாம்பாரும், ரசம் அதற்குப் பத்து நிமிடம் கழித்து. மோர் சாதத்துக்குச் சூடே வேண்டாம். அதனால் ஒவ்வொன்றும் இலைக்கு வரும் நேரம் எது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

## சாதம் சூடு, சாம்பார் ஆறிவிட்டது

முதலில் பார்க்க வேண்டியது: பாத்திரம் எதன் மேல் இருக்கிறது? சிரிக்க வேண்டாம். நான் வந்த புதிதில் சாம்பாரை இறக்கி நேராகக் கடப்பா கல் மேடையில் வைப்பேன். ஒரு நாள் மாமியார் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல் சுட்டது. "ஏம்மா, கல்லுக்கா சாம்பார் வெச்சே?" என்றார். சாம்பாரில் இருந்த சூட்டைக் கல் குடித்துவிட்டது. அன்றிலிருந்து வைக்கோல் பிரிமனை மேல்தான் பாத்திரம். பிரிமனை கிடைக்காத ஊரில் பலகையோ நான்காக மடித்த கோணியோ போதும்.

அடுத்தது மூடி. தாளித்துக் கொட்டியவுடன் மூட வேண்டும். மல்லித்தழை நிறம் மாறும் என்று திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தழையைப் பரிமாறும்போது போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் பாத்திரத்தின் வாய். ஆறு பேருக்கான சாம்பாரை அகலமான உருளியில் வைத்தால் சீக்கிரம் ஆறும். அதே சாம்பார் குறுகலான, உயரமான பாத்திரத்தில் நின்று சூடாக இருக்கும். கல்சட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம், அடுப்பை அணைத்த பின்னும் சிறிது நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் வேறொரு கணக்கு உண்டு. மற்றப் பாத்திரத்தில் எப்போது அணைப்பீர்களோ அதற்கு ஐந்து நிமிடம் முன்பே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய் குழைந்து, குழம்பு இறுகிவிடும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஆறுகிறதா? அப்படியானால் சீக்கிரமே செய்து முடித்துவிடுகிறீர்கள். பலரும் "பெரிய வேலை முதலில் முடியட்டும்" என்று சாம்பாரைப் பதினொரு மணிக்கே இறக்கிவிடுகிறார்கள். இலை போடுவது ஒரு மணிக்கு. இரண்டு மணி நேரம் எந்தப் பிரிமனையும் தாங்காது. இறக்குகிற நேரத்துக்கும் இலைக்கு வருகிற நேரத்துக்கும் நடுவே 50 நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், கடைசியில் ஐந்து நிமிடச் சிறு தீ போதும்.

மறுபடி சூடு பண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். நின்ற சாம்பார் பருப்பால் இறுகியிருக்கும். அப்படியே தீயில் வைத்தால் அடி பிடித்துவிடும், மேலே இருப்பதோ வெதுவெதுப்பாகவே நிற்கும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, அடிவரை கிளறி, சிறு தீயில் ஓரம் முத்துமுத்தாகக் கொதி வரும் வரை வைத்தால் போதும். கூட்டில் தேங்காய் இருப்பதால் அது இன்னும் மோசம். கூட்டை நான் நேரடித் தீயில் சூடு பண்ணுவதே இல்லை. சாதத்தை எடுத்த பிறகு குக்கர் அடியில் கொதிநீர் மிச்சம் இருக்கிறதே, அதற்குள் கூட்டுப் பாத்திரத்தை இறக்கி மூடிவிடுவேன். அடுப்பும் தேவையில்லை, அடியும் பிடிக்காது.

காசு செலவாகும் வழி ஹாட்பேக். வாங்குவதாக இருந்தால் சாம்பாருக்கு வாங்குங்கள், சாதத்துக்கு வேண்டாம். சாதம் குக்கரிலேயே சூடாக இருக்கும். ஹாட்பேக்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகு சாம்பாரை ஊற்ற வேண்டும். ஜில்லென்ற பாத்திரத்தில் ஊற்றினால் கடப்பா கல் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும்.

## எல்லாம் ரெடி, சாதம் மட்டும் இன்னும் வரவில்லை

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். குக்கர் விசில் விட்டுவிட்டது, அடுப்பை அணைத்தாயிற்று, ஆனால் திறக்க முடியவில்லை. ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எளிய காரணம்: விசில் விடும் நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, ஆவி அடங்கும் நேரத்தை விட்டுவிடுவது. நிறைய வைத்த பெரிய குக்கர் தானாக அடங்க கால் மணி நேரம் பிடிக்கும். வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விட்டால் கஞ்சி பீய்ச்சி அடிக்கும், சாதமும் மேலே வெடித்துக் கீழே குழையும். அவசரம் என்றால் ஈரத்துணியை மூடி மேல் போட்டு வையுங்கள், கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். மூடி தானாக இளகாதவரை திறக்க முயல வேண்டாம்.

அடுத்த காரணம் அரிசி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வீட்டுக்கு வரும் புது அரிசிக்குத் தண்ணீரும் குறைவு, நேரமும் குறைவு. பழைய அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்துப் பழகிய கை புது அரிசிக்கும் அப்படியே வைத்தால் பொங்கல்தான் கிடைக்கும். திரும்ப உலை வைக்க வேண்டி வந்தால் அரை மணி நேரம் போச்சு. மூட்டை மாறினால், விசேஷ நாளுக்கு முந்தின நாளே ஒரு டம்ளர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெரும்பாலும் இதுதான்: அடுப்பு காலியாக இல்லை. சாதம் வைக்க வேண்டிய நேரத்தில் ஒரு பர்னரில் பாயசம், இன்னொன்றில் சாம்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடுப்பு நிமிடத்தைக் கூட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு பதார்த்தமும் எத்தனை நிமிடம் பர்னரைப் பிடித்துக்கொள்கிறது என்று மட்டும் எழுதுங்கள். நறுக்கும் நேரம், ஊறும் நேரம், குக்கர் அடங்கும் நேரம் எதுவும் வேண்டாம்.

போன ஆடி அமாவாசைக்கு ஆறு பேருக்கு நான் செய்தது இது: நான்கு டம்ளர் அரிசி, பரங்கிக்காய் அரைத்துவிட்ட சாம்பார், புடலங்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், ரசம், உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம். பாயசம் 30 நிமிடம், சாம்பாருக்கும் கூட்டுக்குமான பருப்பு 15, வறுப்பது உட்பட சாம்பார் 30, கூட்டு 15, சாதம் 18, பொரியல் 15, எண்ணெய் காய்வதோடு முதல் ஈடு வடை 14, ரசம் 13. கூட்டினால் 150. இரண்டு பர்னருக்கு ஆளுக்குப் பாதி என்றால் 75 நிமிடம். எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. பன்னிரண்டு மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு ஒரு மணிக்கு இலை போட ஆசைப்பட்டால், அது கைவேகத்தில் உள்ள குறை இல்லை, கூட்டல் தெரியாத குறை.

இனி பின்னோக்கி. இலை ஒரு மணிக்கு. ஆனால் அமாவாசை என்றால் அதற்கு முன் படையல், சூடம், காக்கைக்குச் சோறு. காக்கை எடுத்த பிறகுதான் பெரியவர்கள் உட்காருவார்கள். அது சில நாள் வாசலிலேயே காத்திருக்கும், சில நாள் நாம் "கா கா" என்று தொண்டை வறளக் கத்தினாலும் தென்னை மரத்தை விட்டு இறங்காது. அதனால் 20 நிமிடம் அதற்கென்றே விட்டுவிடுவேன். ஆக, படையலுக்கு எல்லாம் தயாராக வேண்டிய நேரம் 12:40.

பெரிய பர்னரில் 11:15க்குப் பாயசம் ஏற்றினேன். முதலில் பாயசம் ஏன் என்றால், அது ஆறினாலும் வெதுவெதுப்பாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. நின்றால் இறுகும் என்பதால் வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும், அவ்வளவுதான். 11:20க்குச் சின்ன பர்னரில் சின்னக் குக்கரில் பருப்பு. 11:35க்கு அதை அணைத்துக் கீழே வைத்தேன். அது அடங்குகிற நேரத்தில் சும்மா நிற்காமல், 11:40க்கு அதே பர்னரில் தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காய் வறுத்து எடுத்துவிட்டு, புளித்தண்ணீரில் பரங்கிக்காயைப் போட்டேன். 11:45க்குப் பாயசம் இறங்கியது, அந்த இடத்தில் கூட்டு. கூட்டு 12 மணிக்கு இறங்கியவுடன் பெரிய குக்கரில் சாதம். 12:10க்குச் சாம்பார் முடிந்து பிரிமனைக்குப் போனது, அந்தப் பர்னரில் வாழைக்காய். 12:18க்குச் சாதத்தை அணைத்து இறக்கினேன், அங்கே எண்ணெய்ச் சட்டி. 12:25க்கு வாழைக்காய் இறங்கி ரசம் ஏறியது. முதல் ஈடு வடை 12:32க்கு வந்தது, படையலுக்கு அது போதும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே படையலுக்கு ஒரு அப்பளம். குக்கர் 12:35க்கு அடங்கியது. 12:38க்கு ரசமும் இறங்கியது.

சாம்பார் இறங்கியதிலிருந்து இலைக்கு வந்தது வரை 50 நிமிடம். இடையில் 12:50க்குச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தேன். படையல் நடக்கும் அந்த 20 நிமிடமும் இரண்டு பர்னரும் காலி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சாம்பாரைச் சூடு பண்ணவும் மிச்ச வடைக்கு எண்ணெய் காயவைக்கவும் அதுதான் நேரம். படையலுக்குச் சாதம் எடுத்தபின் குக்கரை உடனே மூடிவிட வேண்டும். மூடினால் ஒரு மணிக்கும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

என் நிமிடங்கள் உங்கள் அடுப்புக்குச் சரிவராது. ஒரு சாதாரண நாளில் ஒவ்வொன்றுக்கும் மணி பார்த்து, காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, எண்ணெய்க் கறையோடு.

கூட்டல் இடிக்கிறதா? உட்காரும் நேரத்துக்குள் அடங்கவில்லை என்றால் பர்னர் வேலையைக் குறைக்க வேண்டும். பருப்பையும் சாதத்தையும் ஒரே பெரிய குக்கரில் அடுக்கில் வைத்தால் 15 நிமிடம் மிச்சம். ஆனால் பருப்பு அப்போது வெந்தால் சாம்பார் தள்ளிப்போகும். அதனால் இது குழம்பு வகையில் பருப்பே வேண்டாத வத்தக்குழம்பு நாளுக்குத்தான் பொருந்தும். வேறு வழி, கூட்டைக் கழித்துப் பச்சடி வைப்பது. அதற்கு அடுப்பு வேண்டாம்.

## பொரியல் நீர்த்துப் போகிறது, அப்பளம் நமத்துப் போகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான், ஆவி.

பொரியலைச் சூடாக இருக்கட்டும் என்று இறுக்கி மூடினால், ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்பச் சொட்டும். மூடியைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் துளித்துளியாக நின்றால் இதுதான் காரணம். மூடியை ஒரு விரற்கடை ஒருக்களித்து வையுங்கள், அல்லது மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணியைப் போடுங்கள். அது கொஞ்சம் சூடு குறைவாக இருந்தால் பரவாயில்லை. இலையில் முதலில் வைக்கப்பட்டு, சாதம் வரும்வரை எப்படியும் அது காத்திருக்கப்போகிறது. பொரியலின் சூட்டுக்காக மெனக்கெட்டு மற்றதைக் கோட்டை விடாதீர்கள்.

அப்பளத்தைக் கடைசியில் பொரிப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நமத்துப்போவது ஏன் என்றால், பொரித்ததைச் சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சமையலறைக் காற்றே ஈரமாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். பொரித்த அப்பளம் எண்ணெய் வடிந்த உடனே டப்பாவுக்குள் போக வேண்டும், டப்பா சமையலறைக்கு வெளியே போக வேண்டும். எங்கள் வீட்டில் ரேழி அலமாரி.

வடை மாவை முன்கூட்டியே அரைத்து உப்புப் போட்டு வைத்தால் நீர்த்துவிடும். அப்படி ஆன மாவு எண்ணெயை அதிகம் குடிக்கும், பொரிய நேரமும் பிடிக்கும், உங்கள் 14 நிமிடம் 20 ஆகும். உப்பைத் தட்டுவதற்குச் சற்று முன்பு சேருங்கள்.

## ரசம் சூடு பண்ணப் போய் கெட்டுவிட்டது

ரசத்தில் சூடு குறைந்தால் ருசி குறையும், கூடினாலும் குறையும். நுரை கட்டி மேலே வந்தவுடன் இறக்கியதுதான் ரசம். அதை மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டால் பருப்புத் தண்ணீர் அடியில் இறங்கி, வாசனை போய், புளி மட்டும் நாக்கில் நிற்கும்.

எளிய வழி, ரசத்தை முழுதாக முடிக்காமல் விடுவது. புளியும் தக்காளியும் கொதித்துப் பச்சை வாசனை போனபின் அடுப்பை அணைத்துவிடுங்கள். பருப்புத் தண்ணீரும் ரசப்பொடியும் தனியாக இருக்கட்டும். எல்லோரும் சாம்பார் சாதம் பிசைய ஆரம்பித்ததும் அடுப்பை மூட்டி, அவற்றைச் சேர்த்து, நுரை வந்ததும் தாளித்து இலைக்கு எடுத்துவந்துவிடலாம். சூடும் இருக்கும், வாசனையும் இருக்கும். அமாவாசை போலப் படையலுக்கு முன்பே ரசம் வேண்டிய நாளில், ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்கு மட்டும் முடித்து எடுத்துக்கொண்டு மீதியை இப்படி நிறுத்தி வைக்கலாம். நான் ஆடி அமாவாசைக்கு அதைச் செய்யாமல் முழுதாக முடித்தேன். பிறகு நுரை வரும்வரை மட்டும் சூடு பண்ணிச் சமாளித்தேன். சுமார்தான்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, புளி கரைக்கத் திரும்பினால் போச்சு. என் அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்த சொம்பு அப்படித்தான் போனது. வடை தட்டிக்கொண்டே சின்ன பர்னரைப் பற்றவைத்தேன். திரும்பிப் பார்க்கும்போது அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை, பர்னர் மேல் வெள்ளியாக ஒரு பொட்டு. முதலில் புளித்தண்ணீர் சொம்புக்குள் போக வேண்டும், அப்புறம் சொம்பு அடுப்புக்குப் போக வேண்டும், கடைசியில்தான் தீ.

மோர்க்குழம்பு நாளில் இந்த விதி இன்னும் கடுமை. அது கொதித்தால் திரிந்துவிடும், திரிந்ததைத் திருப்ப முடியாது. அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் அடுப்பில் ஏற்றி, ஓரம் நுரைத்ததும் இறக்கி, நேராக இலைக்கு எடுத்துவாருங்கள். மோர்க்குழம்பைக் காத்திருக்க வைக்கிற திட்டமே தப்பு.

## கணக்கு சரி, ஆனாலும் அடுப்பு பின்தங்குகிறது

போன மாதம் சரியாக வந்த அதே திட்டம் இந்த மாதம் கால் மணி நேரம் தள்ளிப்போனால், குற்றம் திட்டத்தில் இல்லை.

தீ சிறியதாக இருக்கிறதா? முதலில் சிலிண்டரைப் பாருங்கள். ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நில்லுங்கள். கேஸ் திரவமாக இருக்கும் இடம்வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். அந்தக் கோடு அடிப்பக்கம் போயிருந்தால் விசேஷத்துக்கு முந்தின நாளே மாற்றுங்கள். வடைக்கு எண்ணெய் காயும்போது கேஸ் தீர்ந்தால் எல்லாக் கணக்கும் வீண்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கிறதா? அடுப்பு நன்றாக ஆறிய பிறகு பர்னர் மூடியை எடுத்து, ஓட்டைகளை ஊசியால் குத்தி, கழுவி, முழுதும் உலர்ந்தபின் போடுங்கள். பொங்கி வழிந்த கஞ்சிதான் பெரும்பாலும் அடைத்திருக்கும். இதற்குப் பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்பு ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள். உள்ளே ஜெட் இருக்கும் இடத்தில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

குக்கர் விசிலே விடாமல் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி வருகிறதா? கேஸ்கட் தளர்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் சமாளிக்க, அதைக் கழற்றிச் சிறிது நேரம் ஜில்தண்ணீரில் போட்டு மாட்டினால் ஒரு முறை பிடிக்கும். அடுத்த நாளே புதுசு வாங்குங்கள். வெயிட் உட்காரும் குழாய்க்குள் பருப்புத் தோல் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சேஃப்டி வால்வு உருகியிருந்தால், தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதே கம்பெனி வால்வைக் கடையில் கொடுத்துப் போடுங்கள். வேறெதையும் வைத்து அடைத்துவிட்டுச் சமைக்காதீர்கள். மூடியின் ஓரம் நெளிந்திருந்தாலோ கைப்பிடி ஆடினாலோ குக்கரை அன்றே ஒதுக்கிவையுங்கள்.

கேஸ் வாடை வந்தால் இந்தத் தலைப்பில் உள்ள எதையும் பார்க்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய் 1906க்குப் போன் பண்ணுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது.

## முதல் பந்தி சூடு, இரண்டாம் பந்தி ஆறல்

ஆள் எட்டைத் தாண்டினால் எங்கள் கூடத்தில் இரண்டு பந்தி ஆகிவிடும். அங்கே ஒரு மணி என்ற கணக்கு உடைந்துபோகும். முதல் பந்தி முடிந்து, எச்சிலிலை எடுத்து, தரையைத் துடைத்து, அடுத்த இலை போட அரை மணி நேரம் ஆகிறது.

இதற்கு ஒரே வழி, சாதத்தை இரண்டாகப் பிரிப்பது. ஒரே குக்கரில் நிறைத்து வைத்து இரண்டு பந்திக்கும் ஓட்டினால், பெண்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் குக்கர் அடிச் சாதம்தான் கிடைக்கும். முதல் குக்கரை அணைத்த 25ஆவது நிமிடம் இரண்டாவது குக்கரை ஏற்றுங்கள். படையல் நேரத்துக் காலி பர்னரில் அது தாராளமாக ஏறும். சாம்பாரையும் முழுவதும் பரிமாறுகிற வாளியில் ஊற்ற வேண்டாம். பாதி வாளிக்கு, பாதி பாத்திரத்தில் மூடியபடி. வாளியில் இருப்பது காற்றுப் பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். வடை மாவிலும் பாதியை நிறுத்தி வையுங்கள்.

பன்னிரண்டு பேர் வரை நான் இப்படிச் சமாளித்திருக்கிறேன். அதற்கு மேல் போன ஒரு தவசத்தில், அடுப்பு நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தபோது 260 வந்தது. இரண்டு பர்னரில் இரண்டு மணி பத்து நிமிடம். அப்படியானால் முதலில் இறக்கியது இலைக்கு வரும்போது கட்டாயம் ஆறியிருக்கும், சூடு பண்ணக் காலி பர்னரும் இருக்காது. கூட்டுத்தொகை 240ஐத் தாண்டினாலோ, சாதம் மூன்று குக்கர் வேண்டியிருந்தாலோ, நான் சமையல்காரரைக் கூப்பிட்டுவிடுவேன். அவர் கொல்லையில் பெரிய அடுப்பு போட்டு, அண்டாவில் சாதம் வடிப்பார். அண்டாவில் உள்ள சாதத்தின் கனத்துக்கே அது ஒரு மணி நேரம் சூடாக இருக்கும்.

அவரிடம் பேசும்போது ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள். "பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிஞ்சிடணும்" என்று சொன்னால் அவர் பன்னிரண்டுக்கே முடித்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர் என்னைக் கேட்கும் முதல் கேள்வியே வேறு: "ஐயர் எத்தனை மணிக்குக் கிளம்புவாரு, முதல் இலை எப்போம்மா?" அந்த நேரத்தையும் பந்தி எத்தனை என்பதையும் சொல்லிவிட்டால், எந்த அண்டாவை எப்போது ஏற்றுவது என்பது அவர் பாடு.